ஹேண்ட் பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்

என் மனைவிக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அத்தனை வருடங்களில் அவள் ஒரு நாளும் கார் ஓட்டியதில்லை. ஓசூரில் எங்கள் லேஅவுட்டில் இப்படிப்பட்ட பெண்கள் தெருவுக்கு நான்கு பேராவது இருப்பார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் சில நாட்கள் கூட்டிப்போவார். அவர் பக்கத்தில் தனக்கென்று ஒரு பிரேக், ஒரு கிளட்ச் வைத்திருப்பார். வண்டியை ஓட்டுவது அவர்தான், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது மட்டும் இவர்கள். பிறகு உரிமம் வரும். அது பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நான் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பயிற்சிப் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வந்து இறங்கிய ஆட்களை பிரஸ் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, விரல் போகாமல் வேலை செய்யக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடுகளை வகுத்தது என் வேலை. ஒருவனுக்கு ஒரு வேலையை எத்தனை நாளில், எந்த வரிசையில், எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்பதில் எனக்கு ஊருக்குள் நல்ல பெயர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்ததை அறியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேசிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் மனைவி, ரோஜாப்பூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஓசூர் அலுவலகத்தில் கணக்கும் அனுப்புதலும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் புனேயில். ஓய்வுக்குப் பிறகு என் நாள் என்பது சாயங்காலம் கம்பெனி வேன் தெருமுனையில் அவளை இறக்கிவிடும்போதுதான் தொடங்கும். அவள் கைகால் கழுவிவிட்டு வந்து காபி போடுவாள். நான் அன்றைய செய்தித்தாளில் உலகம் எங்கெங்கே தவறு செய்திருக்கிறது என்று எடுத்துச் சொல்வேன். அவள் "ம்" என்பாள். ஐந்நூறு பேர் கைகட்டிக் கேட்ட ஒருவனுக்கு அந்த ஒரு "ம்" தான் மிச்சம்.

ஒரு நாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் உட்காரவில்லை.

"என்னாங்க, ஒன்னு சொல்லணும். ஜவளகிரி ரோட்டுல புதுசா பேக்கிங் ஹவுஸ் கட்டறாங்கன்னு சொன்னன் இல்ல. அதுக்கு என்னப் பொறுப்பாப் போடறங்கறாரு ஓனரு."

"உன்னையா?"

"ஏன், என்னத்தான். அடுத்த மாசம் ஒன்னாந்தேதி போயி உக்காரணும். ஆனா சொந்தமா வண்டி ஓட்டிக்கிட்டு வரணுமாம். பூ லாரி கெளம்பற வரைக்கும் நான் இருக்கணும், லேபர் வேனு அஞ்சுக்கே போயிடும். பஸ்ஸ நம்புனா ஒன்னும் ஆவாது. ஓட்ட முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் பாக்கறன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஓட்டறன்னு சொல்லிட்டன்." அப்போதுதான் உட்கார்ந்தாள். "லைசென்ஸு இருக்குது. கார் சும்மா நிக்குது. எனக்கு நேரந்தான் இல்ல. சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு, அது ஒன்னுதான். ஒரு மாசம். முடியுமா, முடியாதா? நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு."

முடியும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு வயது ஐம்பத்து நான்கானாலும், முழங்கால் கொஞ்சம் பிடித்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், முப்பது நாள் என்பது தாராளம்.

"முடியும். நான் பிளான் போட்டுத் தரேன்" என்றேன்.

அன்றிரவே போட்டேன். தொழிற்சாலையில் எதையும் ஏ-த்ரீ தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவது எங்கள் பழக்கம். அந்தத் தாளில் வராத எதுவும் நடக்காதது, வந்துவிட்டால் நடந்தது. முப்பது கட்டங்கள் வரைந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நான்கு கால்பகுதிகள். ஒரு கால்பகுதி நிரம்பினால் பார்த்திருக்கிறாள், இரண்டு நிரம்பினால் துணையோடு செய்வாள், மூன்று நிரம்பினால் தனியாகச் செய்வாள், நான்கும் நிரம்பினால் பிறருக்குச் சொல்லித்தருவாள். முதல் பத்து நாள் அடிப்படை. அடுத்த பத்து நாள் லேஅவுட் சாலைகள். கடைசிப் பத்து நாள் லேஅவுட்டுக்கு வெளியே ரிங் ரோடு. அடியில் சிவப்பு மையில் ஒரு விதி: ஒரு கட்டம் குறையின்றி முடியாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. ஃபிரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்தத் தாளில் என்ன தவறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு முதல் நாளே வண்டி நகர வேண்டும். மெதுவாக நகரட்டும், ஆனால் நகர வேண்டும். எந்தச் சாலையில் ஓட்டப்போகிறாரோ அந்தச் சாலை முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும். ஒன்றையே நாள் முழுதும் திருப்பித் திருப்பிச் செய்தால் அன்று சாயங்காலம் தேறிவிட்டது போலத் தெரியும், மறுநாள் பாதி போயிருக்கும். கிளட்ச் கொஞ்சம், திருப்பம் கொஞ்சம், ரிவர்ஸ் கொஞ்சம் என்று கலந்து செய்தால் அன்று தடுமாற்றமாக இருக்கும், ஆனால் நிற்கும். குறையின்றி முடித்த பிறகுதான் அடுத்தது என்பது உதிரிபாகத்துக்கு நல்ல விதி. மனிதருக்குப் போட்டால் அவர் முதல் கட்டத்திலேயே கிழவராகிவிடுவார். இவற்றையெல்லாம் நானே வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். பிளான் போடும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றையும் தாண்டிப் போனேன்.

ஏனென்றால் அவள் அந்த வேலைக்குப் போனால் எட்டு மணிக்கு முன் வீடு திரும்ப மாட்டாள். அவ்வளவுதான் காரணம். அன்று யாராவது கேட்டிருந்தால் ஜவளகிரிக்குப் போகும் தளி ரோட்டு லாரிகளைச் சொல்லியிருப்பேன், அந்திக்குமேல் காட்டோரம் யானை இறங்குவதைச் சொல்லியிருப்பேன், அவள் முழங்காலைச் சொல்லியிருப்பேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எதுவும் காரணமில்லை.

முதல் சில நாட்கள் வண்டி போர்ட்டிக்கோவை விட்டு நகரவில்லை. இருக்கையைச் சரிசெய்தல், கண்ணாடிகள், எஞ்சினை அணைத்துவைத்துக்கொண்டு கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றுதல். அவள் வேனிலிருந்து இறங்கி, காபியைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவள் போல வந்து உட்காருவாள். நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "ஒன்னு. ரெண்டு. மறுபடி நியூட்ரல்" என்பேன். அவள் மாற்றுவாள். நகராத வண்டியில் அவள் ஐந்தாம் கியரில் போய்க்கொண்டிருந்தாள்.

மாடியில் குடியிருந்த பெண் ஒரு நாள் படியிறங்கி வந்தவள் நின்று பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு எஞ்சினியர். தினமும் தன் காரை எடுத்துக்கொண்டு, கர்நாடக பார்டரில் நிற்கும் அத்தனை லாரிகளுக்கும் நடுவில் புகுந்து போய் வருகிறவள்.

"என்னக்கா, எங்க வரைக்கும் போயாச்சு?"

"பெங்களூர் தாண்டிட்டன்" என்றாள் என் மனைவி.

"பெட்ரோலே குடிக்காத வண்டியால்லா இருக்கு. சார், நம்ம கம்பெனிக்கும் இப்படி ஒன்னு செஞ்சு தாங்க."

"அடிப்படை சரியா இருக்கணும்மா" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. தரக்கட்டுப்பாட்டுக்காரர்கள் சிரித்தால் எங்கேயோ எதையோ பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிறகு லேஅவுட் சாலைகள். பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் பகுதி. மாடுகளும் மதில் கட்டக் கொட்டிய மணல் குவியல்களும் தவிர எதிரே ஒன்றும் வராது. நான் ஒரு சுற்றுப் பாதை வகுத்திருந்தேன். தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிள்ளையார் கோவில், அங்கிருந்து டிரான்ஸ்பார்மர், மறுபடி தொட்டி. நான்கு திருப்பமும் இடப்பக்கம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, சிக்னலில் நிறுத்தி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

முதல் நாள் அங்கே அவளிடம் சொன்னேன்: "நீ காலை மட்டும் பாரு. ஹேண்ட் பிரேக்கை நான் பார்த்துக்கறேன்."

ரொம்பவும் அக்கறையான ஏற்பாடு போலத்தான் இருந்தது. அவளும் நன்றியோடு தலையாட்டினாள். எங்கள் சிறிய காரில் ஹேண்ட் பிரேக் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில். என் வலது கை அதன் மேலேயே இருக்கும். மாடு தலையைத் திருப்பினால் இழுப்பேன். வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தால் இழுப்பேன். அவள் நிறுத்த வேண்டிய இடம் வந்தால் அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதே இழுப்பேன். நின்ற வண்டியை எடுக்கும்போது நானே விடுவேன். எஞ்சின் அணைந்தால் சிவப்பு விதி உடனே அமலுக்கு வரும்: இன்று குறை, நாளை இதே கட்டம்.

பிரஸ் பிரிவுக்கு வரும் புதியவனுக்கு நாங்கள் முதலில் கற்றுத்தருவது எது தெரியுமா? இயந்திரத்தை ஓட்டுவது அல்ல. அவசர நிறுத்தப் பொத்தான் எங்கே என்பது. அதுவும் காட்டினால் போதாது. அவன் கையாலேயே அழுத்தி நிறுத்த வேண்டும். பழக்குகிறவன் பொத்தானில் கை வைத்துக்கொண்டு நின்றால், புதியவன் பொத்தானை மறந்துவிடுவான். ஆபத்து என்றால் அந்த ஆள் முகத்தைத்தான் பார்ப்பான். இந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன். எழுதிய கையைத்தான் ஹேண்ட் பிரேக்கின் மேல் வைத்திருந்தேன்.

அது வேலை செய்தது. ஒரு வாரத்தில் அவள் நிறுத்த வேண்டிய இடம் வந்தால் சாலையைப் பார்ப்பதை விட்டு என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"என்னாங்க, இன்னைக்காச்சும் மெயின் ரோட்டுக்குப் போலாமா?"

"ரெண்டு தடவை ஆஃப் ஆச்சே இன்னைக்கு."

"நேத்து ஆவலயே."

"நேத்து இடது திருப்பத்துல கோணலா வந்துச்சு."

"இப்படியே போனா நான் எப்ப ஜவளகிரி போறது?"

"அவசரப்பட்டா வண்டி ஓட்ட முடியாது."

அவள் மறுபடி வண்டியை எடுத்தாள். தண்ணீர்த் தொட்டி, பிள்ளையார், டிரான்ஸ்பார்மர். பிள்ளையார் எங்களைப் பார்த்து அலுத்துப்போயிருப்பார்.

மாதம் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு சாயங்காலம் நான் சாவியோடு போர்ட்டிக்கோவில் நின்றேன், அவள் வரவில்லை. உள்ளே போனால் ஃபிரிட்ஜின் முன்னால் நின்று அந்த ஏ-த்ரீ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பார்க்கிறவள் பார்க்கிற பார்வை. விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"இதுல ரிவர்ஸ் எங்க இருக்குது?"

"அது கடைசில சேர்த்துக்கலாம்."

"இருட்டுல ஓட்டறது?"

"அதுவும்."

"ஏத்தம்? தளி ரோடு பூரா ஏத்தம் எறக்கந்தான?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"முப்பது நாளுக்குப் போட்டிருக்கீங்க. நான் போவ வேண்டிய ரோடு ஒரு நாள் கூட இதுல இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பில்லில் ஒரு பொருள் விடுபட்டிருப்பதைச் சொல்லும் குரல்தான். "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இது வேற யாருக்கோ போட்ட பிளான்."

பிறகு தலையை வெளியே நீட்டி மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள். "ம்மா, நீ வந்துட்டியா? நாளையில இருந்து ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் என்கூட வண்டியில உக்கார முடியுமா?"

"வாரேன்க்கா. சார் கோவிச்சிக்க மாட்டாவளா?"

"சாருக்குக் காபி போட நான் சொல்லித் தரேன். அவருக்கும் ஒரு மணி நேரம் வேணும் இல்ல."

மறுநாள் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள். கட்டமும் இல்லை, வட்டமும் இல்லை. வண்டியைப் போர்ட்டிக்கோவிலிருந்து தானே வெளியே எடுக்க வேண்டும், திரும்பி வந்தால் ரிவர்ஸில் தானே உள்ளே விட வேண்டும். நேற்று எது சரியாக வரவில்லையோ அதை முதல் பத்து நிமிடம். அதன்பின் நேராகத் தளி ரோடு. ஆறரை அடித்ததும் எங்கே இருந்தாலும் பாதுகாப்பான இடம் பார்த்து வண்டியைத் திருப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. கடைசி ஞாயிறு மட்டும் முழுத் தூரம், பேக்கிங் ஹவுஸ் வாசல் வரை.

ஆறரைக்குத் திருப்ப வேண்டும் என்ற அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். தினமும் வேறு வேறு இடத்தில் திருப்ப நேரும். ஒரு நாள் பெட்டிக்கடை முன்னால், ஒரு நாள் குறுகிய பாலத்துக்கு அப்பால், ஒரு நாள் ஏற்றத்தில். திரும்பும்போது இருட்டிவிடும், விளக்கை ஏற்றி இறக்க வேண்டிவரும். ஒரு மணி நேரத்துக்குள் இத்தனையையும் அடக்கியிருந்தாள். எங்கள் பயிற்சிப் பிரிவில் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் அதை எழுதியவருக்குப் பதவி உயர்வுக்குப் பரிந்துரைத்திருப்பேன்.

அடுத்து வந்த மாலைகளில் நான் காபி போடக் கற்றுக்கொண்டேன். முதல் சில நாட்கள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கேட்பதற்கு ஆளில்லாமல் செய்தித்தாள் மடித்தபடியே கிடந்தது. ஏழு மணிக்கு காரின் பின்விளக்குகள் கேட்டுக்குள் அங்குலம் அங்குலமாக வரும். "ஒடிங்கக்கா, இன்னும் ஒடிங்க, போதும், நேராக்குங்க" என்று மாடி வீட்டுப் பெண்ணின் குரல். ஒரு நாள் பூந்தொட்டி உடைந்தது. ஒரு நாள் பக்கவாட்டுக் கண்ணாடி கேட்டில் தேய்ந்தது. உள்ளே வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். என்னோடு சுற்றிய நாட்களில் எதுவும் உடையவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை.

"ஏத்தத்துல எப்படி எடுக்கறா?" என்று ஒரு நாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வேறு யாரோ ஒருவரின் உடல்நிலையை விசாரிப்பது போலக் கேட்டேன்.

"அருமையா எடுக்காவ சார். ஹேண்ட் பிரேக்கப் போட்டு நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச்ச மெல்ல விட்டு, வண்டி மூக்கத் தூக்கும் பாருங்க, எஞ்சின் சத்தம் மாறும், அப்ப லேசா ஆக்சிலேட்டரு, அப்புறம் ஹேண்ட் பிரேக்க விடுதாவ. ஒரு இஞ்ச் பின்னால போகல. மொதல்ல மட்டும் ஒரு கொழப்பம்."

"என்ன?"

"நின்ன ஒடனே என் கையப் பாத்தாவ. என்னக்கா என் கையில என்ன இருக்குன்னு கேட்டேன். அப்புறம் அதுவும் போயிட்டு."

கடைசி ஞாயிறு மாடி வீட்டுப் பெண்ணுக்கு டூட்டி வந்துவிட்டது. என் மனைவி என்னைக் கேட்டாள். கேட்டாள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

"வரீங்களா? ஆனா ஒன்னு. கைய மடியில வெச்சிக்கணும்."

"வெச்சிக்கறேன்."

மதியத்துக்குமேல் கிளம்பினோம். வண்டியைக் கேட்டில் உரசாமல் வெளியே எடுத்தாள். ரிங் ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு வழிவிட்டாள், மினி பஸ்ஸுக்கு வழிவிடவில்லை. தளி ரோட்டில் இருபுறமும் பசுமைக்குடில்களின் வெள்ளைக் கூரைகள் கடந்து போயின. நான் மடியில் இரண்டு கைகளையும் கோர்த்து உட்கார்ந்திருந்தேன். நன்றாகவே ஓட்டினாள். தளிக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில் மாடுகள் குறுக்கே வந்தன. நிறுத்தினாள். பின்னால் பால் கேன்கள் கட்டிய பைக்கில் ஒருவர் வந்து நின்றார்.

மாடுகள் போயின. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கண்கள் சாலையில் இல்லை, என் மடியில் இருந்தன. என் கை போய் இழுத்துப் பிடித்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். நினைத்திருக்கக்கூட மாட்டாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய அத்தனை மாலைகள், அவளுக்குத் தெரியாமலே, நான் உட்கார்ந்திருந்த இருக்கையோடு சேர்ந்து திரும்பி வந்திருந்தன.

வண்டி பின்னால் உருண்டது.

எனக்கு அது முதலிலேயே தெரிந்தது. வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஹேண்ட் பிரேக். இழுத்திருக்கலாம். வாக்குக் கொடுத்திருந்தேன், அதனால் இழுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்குள் எழுந்தது பயம் இல்லை. "பார்த்தாயா" என்ற ஒன்று எழுந்தது. அதன் ருசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவளே பிரேக்கை மிதித்துவிட்டாள். பைக்கின் முன்சக்கரத்தில் பம்பர் லேசாகத் தட்டி நின்றது. பால் சிந்தவில்லை. பைக்கில் வந்தவர் ஜன்னலருகே வந்து கன்னடத்தில், "ஏன் மேடம், ஹிந்தெ நோட்பேக்கல்லா" என்றார், பின்னால் பார்க்க வேண்டாமா என்று. அவளும் கன்னடத்திலேயே, "தப்பாய்த்து அண்ணா, பேஜார் மாட்கோபேடி" என்று மன்னிப்புக் கேட்டாள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பக்கத்தில் ஆம்பளை சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்ற பார்வை. பைக்கை எடுத்து எங்கள் காரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

என் மனைவி வண்டியை ஓரமாக ஏற்றி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை அவளே இழுத்தாள். சத்தம் பலமாகக் கேட்டது.

"எறங்குங்க."

"எதுக்கு?"

"அந்தப் பொண்ணுகூட எத்தினியோ தடவ ஏத்தத்துல எடுத்துட்டன். ஒரு தடவ கூட உருளல. நீங்க அங்க உக்காந்தா எனக்கு மறந்து போவுது. எறங்குங்க. அதோ பஸ் ஸ்டாப்பு."

"நீ தனியா எப்படிப் போவ?"

"ஒன்னாந்தேதியில இருந்து தனியாத்தான போவணும்."

இறங்கினேன். கதவைச் சாத்தும்போது குனிந்து, "திரும்பி வரப்ப ஏத்திக்கறியா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மாட்டன். நீங்க ஏறுனா நான் மறுபடி உங்க கையத்தான் பாப்பன்."

கார் ஏற்றத்தில் நின்றிருந்தது. எஞ்சின் சத்தம் மாறியது, மூக்கு ஒரு விரல் உயர்ந்தது, பிறகு ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் முன்னால் நகர்ந்தது. வளைவில் மறைந்தது.

பஸ் ஸ்டாப் என்றால் ஒரு புளியமரமும் ஒரு கல் பலகையும். முட்டைக்கோஸ் மூட்டைகளோடு இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓசூர் பஸ் எப்போது என்று கேட்டேன். "வர வேண்டியது போயிடுச்சுங்க. அடுத்தது வந்தா வரும்" என்றாள் ஒருத்தி. பஸ்ஸை நம்பினால் ஒன்றும் ஆகாது என்று என் மனைவி சொன்னதை அன்றைக்குத்தான் முழுவதுமாக விளங்கிக்கொண்டேன். வெயில் சாய்ந்துகொண்டே இருந்தது. நான் உட்கார்ந்திருந்தபோதே எங்கள் கார் எதிர்த்திசையில் திரும்பி வந்தது. வேகத்தைக் குறைத்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு ஹாரன், சின்னதாக. போய்விட்டாள்.

"தெரிஞ்சவங்களா?" என்றாள் மூட்டைக்காரப் பெண்.

"ஆமாம். புதுசா ஓட்டறாங்க" என்றேன்.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது கார் போர்ட்டிக்கோவில் ரிவர்ஸில் நின்றிருந்தது, சுவருக்கு இணையாக. காபி போட்டிருக்கவில்லை. நானே போட்டேன், இரண்டு டம்ளர்.

அவள் ஒன்றாம் தேதி போய்ப் பொறுப்பேற்றாள். இப்போதும் போய்க்கொண்டிருக்கிறாள். மழை நாளிலும், யானை இறங்கியிருக்கிறது என்று வனத்துறை வண்டி சாலையை மறித்து நிறுத்தும் நாளிலும், எட்டு மணிக்கு முன்னும் பின்னுமாக அந்தப் பின்விளக்குகள் கேட்டுக்குள் வந்துவிடுகின்றன. அதற்குப் பின் அவள் ஓட்டும் வண்டியில் நான் முன் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. கல்லாவியில் அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போனபோதும் பின்னால்தான். முன் இருக்கையில் மாடி வீட்டுப் பெண் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு வந்தாள். யாரும் அப்படி விதி போடவில்லை. நானாகப் பின்கதவைத் திறந்தேன், யாரும் தடுக்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம், சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வயதாகிறது. அவள் காபியைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தேன். அந்த பிளான் தவறுதலாக அப்படி அமைந்ததில்லை, அப்படி வர வேண்டும் என்றே நான் போட்டது, நீ போகக் கூடாது என்றுதான், என்றேன். வாக்கியங்களை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தேன். அவை வரிசையாக வந்தன.

அவள் ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கர கம்மி" என்றாள். பிறகு, "தெரியுமே" என்றாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"போர்ட்டிக்கோவுலயே உக்கார வெச்சீங்களே, அந்த வாரமே. ஐந்நூறு பேருக்குச் சொல்லிக் குடுத்தவருக்குப் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியாதா என்ன?"

"அப்ப ஏன் அத்தனை நாள் பேசாம சுத்துன? அன்னைக்கே சண்டை போட்டிருக்கலாமே."

"நீங்களா மனசு மாறி மெயின் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பாத்தன்" என்றாள். "அப்பறம், எனக்கு இருந்தது ஒரு மணி நேரம். அதுல வண்டியும் ஓட்டி, சண்டையும் போட முடியாது."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, மறுநாள் லாரிக்கான கணக்கைப் பார்க்க உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளைப் பிரித்து ஒரு செய்தியைப் படித்துச் சொன்னேன்.

"ம்" என்றாள்.